நல்லெண்ணம், நற்சொல், நற்செயல்: காதைகளில் ஒரு தேடல்

தோற்றுவாய்

பழம்பாரசீகத்தின் சரதுஷ்டிர சமயத்தைப் பற்றி எழுதுவோர் எவரும் தவறாது எடுத்துரைக்கும் முப்பொருள் ஒன்று உண்டு. நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் என்பனவே அவை. அவெஸ்தா மொழியில் இவை ஹுமத, ஹூக்த, ஹ்வர்ஷ்த என வழங்கும். சமய ஒப்பீட்டு நூல்களிலும் பள்ளிப் பாடங்களிலும் இம்மூன்றையும் குறிப்பிட்டு, ‘இது சரதுஷ்டிரர் தம் காதைகளில் அருளியது’ என்று ஒரு தொடரையும் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எந்தக் காதையில், எத்தனையாவது பாடலில் என்று எவரும் சொல்வதில்லை.

இவ்வாறு படித்த மாணவன் ஒருவன் ஐயுற்று, காதைகளின் மொழிபெயர்ப்பை எடுத்து முதற்பாடல் தொடங்கி இறுதிப்பாடல் வரை தேடினால் அவனுக்குக் கிட்டுவது என்ன? எண்ணம், சொல், செயல் என்னும் மூன்றும் பல இடங்களில் கிட்டும். ஆனால் அம்மூன்று சொற்களும் அதே வடிவில், அதே வரிசையில், ‘நல்’ என்னும் அடையோடு ஓரிடத்தில் அமைந்த தொடர் கிட்டாது. அப்போது அவன் இரண்டு பிழைகளுள் ஒன்றைச் செய்யக்கூடும். தொடரே பிற்காலத்தார் புனைவு என்று தள்ளிவிடலாம். அல்லது அகப்பட்ட ஏதேனும் ஒரு பாடலில் ‘நல்ல’ என்னும் சொல்லைத் தானே நுழைத்து, இதுவே அது என்று கொள்ளலாம். இவ்விரு பிழைகளையும் விலக்கி, அத்தொடர் உண்மையில் எங்குள்ளது, காதைகள் அதைப்பற்றி என்ன கூறுகின்றன என்று ஆராய்வது பயனுடையதாகும்.

தேடும் களம்

முதற்கண் தேட வேண்டிய இடத்தின் எல்லையை வரையறுத்துக்கொள்ள வேண்டும். அவெஸ்தா என்னும் தொகுதியுள் யஸ்ன என்பது வேள்வியின்போது குருமார் ஓதும் பகுதி. வடமொழியில் யக்ஞம் என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரின. இதில் 72 இயல்கள் உள. இந்த 72 இயல்களின் நடுவே பதிந்து கிடப்பவையே காதைகள். காதை என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் காதைகளுக்குப் பெயர் தந்த காதா என்னும் வடசொல்லுக்கு அவெஸ்தாவில் அமைந்த உடன்பிறப்பே இது.

காதைத் தொகுதிகள் ஐந்து. முதலாவது யஸ்னத்தின் 28 முதல் 34 வரையிலான இயல்களையும், இரண்டாவது 43 முதல் 46 வரையிலும், மூன்றாவது 47 முதல் 50 வரையிலும் கொண்டவை. நான்காவது 51ஆம் இயல்; ஐந்தாவது 53ஆம் இயல். ஆக இயல்கள் 17, பாடல்கள் 238. இவை அனைத்தும் அசையெண்ணிக்கையால் யாக்கப்பெற்ற செய்யுள்கள். சான்றாக, முதற்றொகுதியின் ஒவ்வொரு பாடலும் மூன்று அடிகளையுடையது. ஒவ்வோர் அடியும் ஏழு அசை, ஒன்பது அசை என இரு கூறாய்ப் பிரியும்.

இவ்வரிசையை நோக்குவோர்க்கு ஓர் இடைவெளி புலனாகும். 34க்குப் பின் 43 வருகிறது. இடையில் உள்ளது என்ன? அங்கே 35 முதல் 41 வரை அமைந்திருப்பது ‘ஏழியல் யஸ்னம்’ எனப் பொருள்படும் யஸ்ன ஹப்தங்ஹாய்தி. இதன் மொழி காதைகளின் மொழியே; அவெஸ்தாவின் பிற பகுதிகளின் மொழியைக் காட்டிலும் தொன்மையானது. ஆயினும் இது காதையன்று. அசையெண்ணிக்கையால் அமைந்த செய்யுளும் அன்று. ஓசை நயமும் சொல்லடுக்கும் மிக்க உரைநடையாகிய வழிபாட்டு மொழி இது. தேடப்படும் தொடர் இந்த ஏழியல்களின் வாயிலிலேயே, 35ஆம் இயலின் இரண்டாம் பகுதியில், நிற்கிறது.

தொடர் நிற்கும் இடம்

அப்பகுதியின் கருத்தைச் சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும். வழிபடுவோர் பலராய்க் கூடி நின்று, நல்லெண்ணங்களையும் நற்சொற்களையும் நற்செயல்களையும் தாம் போற்றி வரவேற்பவர் என்று அறிவிக்கின்றனர். அவை இங்கே நிகழ்ந்தனவாயினும் பிறிதோரிடத்தில் நிகழ்ந்தனவாயினும், இப்பொழுது செய்யப்படுவனவாயினும் முன்பே செய்யப்பட்டனவாயினும், அனைத்தையும் போற்றுவர். நல்லவற்றை இகழ்வோராகத் தாம் இரார் என்பதே அவ்வறிவிப்பு.

இங்கே இலக்கண நுட்பம் ஒன்று நோக்குதற்குரியது. மூலத்தில் ஹுமத என்ற பெயர் வடிவம் வெளிப்படையாக இல்லை. ஆறாம் வேற்றுமைப் பன்மை ஈறு ஏற்று, ‘ஹுமதநாம்’ என்றே தொடங்குகிறது. பின்வரும் இரு சொற்களும் அவ்வாறே ஈறு பெற்றுள்ளன. தமிழில் ‘மரம்’ என்னும் சொல்லைத் தேடுவோன் ‘மரங்களின்’ என்பதைக் கண்டும் காணாது செல்லுதல் போன்றதொரு வழு இங்கே நேரக்கூடும். சொற்களின் உள்ளமைப்பும் எளிதே. ஹு என்னும் முன்னொட்டு வடமொழியின் சு என்பதற்கு நிகர்; அங்கே சகரம் நிற்குமிடத்தில் அவெஸ்தாவில் பெரும்பாலும் ஹகரம் நிற்கும். எனவே ஹூக்த என்பது சூக்தம் என்னும் சொல்லின் நேர் வடிவம்: நன்கு சொல்லப்பட்டது என்பது பொருள். அவ்வாறே ஹுமத என்பது நன்கு எண்ணப்பட்டது. ஹ்வர்ஷ்த என்பது நன்கு செய்யப்பட்டது.

காதையல்லாத பகுதியில் நிற்கும் இத்தொடர் காதைக்குரியதாகக் கருதப்பட்டது ஏன்? வெறும் கவனக்குறைவு என்று தள்ளிவிட இயலாது. வெந்திதாத் என்னும் நூலின் 10ஆம் இயலில், தீமையை விலக்க இருமுறை ஓத வேண்டிய பகுதிகளின் பட்டியல் ஒன்று உள்ளது. அதில் ஐந்து காதைத் தொகுதிகளின் முதற்பாடல்களும் ஏழியலின் ஐந்து பகுதிகளும் ஒருசேரத் தொகுக்கப்பட்டுள்ளன. அந்த ஐந்தனுள் முதலாவது ‘ஹுமதநாம்’ எனத் தொடங்கும் இப்பகுதியே. எனவே ஓதும் மரபில் பண்டைக்காலத்திலேயே இது காதைகளின் தலைப்பாடல்களோடு ஒரே வரிசையில் அமர்ந்துவிட்டது. ஒரே தொன்மொழி, ஒரே வேள்வியில் அடுத்தடுத்த இடம், ஒரே பட்டியல் என்னும் இம்மூன்றும் சேர்ந்து இப்பகுதியைக் காதையென எண்ணச் செய்தன எனலாம்.

அச்சு நூல்களும் தேடுவோனுக்குச் சிறிது இடர் தருவன. 1887இல் கிழக்குலகப் புனித நூல்கள் வரிசையின் 31ஆம் தொகுதியாக மில்ஸ் என்பார் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு ஐந்து காதைகளையும் தனியே பிரித்து முன்னே வைத்தது. அதிலும் 28ஆம் இயலுக்கு முன்னதாக 29ஆம் இயலை நிறுத்தியது. ஆகவே பக்க வரிசையை நம்பாது, இயலெண்ணையும் பாடலெண்ணையும் நம்புவதே முறை.

காதைகள் கூறுவது

அவ்வாறாயின் காதைகளில் இம்முப்பொருட் கருத்து இல்லையோ எனின், உண்டு. ஆயின் வேறு சொற்களில், வேறு நோக்கில் உண்டு. காதைகளில் எண்ணத்துக்கு மனஹ், சொல்லுக்கு வசஹ் அல்லது உக்த, செயலுக்கு ஷ்யவ்தன என்னும் சொற்கள் வழங்குகின்றன. இவை எண்ணம், சொல், செயல் என்பவற்றை மட்டும் குறிக்கும். நன்மை தீமை இவற்றினுள் அடங்கியிராது. இந்த வேறுபாடே ஆராய்ச்சியின் உயிர்நாடி.

இவற்றுள் தலையாயது 30ஆம் இயலின் 3ஆம் பாடல். தொடக்கத்தில் இரட்டையராய்த் தோன்றிய இரு ஆவிகளைப் பற்றி அது பேசுகிறது. எண்ணத்திலும் சொல்லிலும் செயலிலும் அவை இரண்டு. ஒன்று மேலானது, மற்றொன்று தீயது. இவ்விரண்டனுள் நல்லறிவினர் சரியானதைத் தேர்ந்தனர். அல்லாதார் அவ்வாறு தேரவில்லை என்பது அதன் கருத்து. சில மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் ‘நல்லதும் தீயதும்’ என்று எழுதிச் சமனாக்குவர். மூலத்திலோ ஒருபுறம் ‘வஹ்யஹ்’ என்னும் ஒப்பீட்டு வடிவம். அது ‘மேலானது’, ‘இன்னும் நல்லது’ எனப் பொருள்படும். மறுபுறம் ‘அக’ என்னும் இயல்பு வடிவம். அது வெறுமனே ‘தீயது’. நல்லது என்பது ஓரிடத்தில் நின்றுவிட்ட நிலையன்று, ஒப்பிட்டுத் தேர்ந்து மேற்செல்லும் திசை என்னும் குறிப்பு அந்த ஒப்பீட்டு வடிவில் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம். ‘நல்ல’ என்று பெயர்த்த அளவிலேயே அக்குறிப்பு மறைந்துவிடுகிறது.

மேலும், இப்பாடலில் எண்ணம், சொல், செயல் என்னும் மூன்றும் நன்மையின் பட்டியல் அல்ல. நன்மையும் தீமையும் எதிர்நிற்கும் மூன்று களங்களே அவை. தீய ஆவிக்கும் எண்ணமுண்டு, சொல்லுண்டு, செயலுண்டு. எனவே இப்பாடலை ‘நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் பற்றிய காதைப் பாடல்’ என்று காட்டுதல் அதன் பாதியை மட்டும் காட்டுதலாகும்.

இக்கருத்தையே 48ஆம் இயலின் 4ஆம் பாடல் மனித வாழ்வுக்குக் கொணர்கிறது. தன் மனத்தை மேலானதாகவோ கீழானதாகவோ ஆக்கிக்கொள்பவன், தன் செயலாலும் சொல்லாலும் தன் அகநெறியையும் அவ்வாறே ஆக்கிக்கொள்கிறான் என்பது அங்குக் கூறப்படும் பொருள். மனம் முதலில் ஒரு பக்கம் சாய்கிறது. செயலும் சொல்லும் அதனைத் தொடர்கின்றன. மூன்றும் ஒரு நிகராய் நிற்கவில்லை. ஒன்று முன்செல்ல மற்றவை பின்செல்கின்றன.

நாவும் கையும்

மூன்றாம் காதையின் தொடக்கமாகிய 47ஆம் இயல் இத்தேடலுக்குப் பெருந்துணை செய்வது. அதன் முதற்பாடலில் மனத்துக்கு ‘வஹிஷ்த’, அதாவது மிகச்சிறந்த, என்னும் உச்ச வடிவ அடை தரப்பட்டுள்ளது. ஆனால் செயலுக்கும் சொல்லுக்கும் அவ்வடை தரப்படவில்லை. அவை ‘அஷ’ என்னும் மெய்ம்மை ஒழுங்கினின்று தோன்றுவனவாகச் சொல்லப்படுகின்றன. ஒரே ‘நல்’ என்னும் அடையை மூன்றுக்கும் பொதுவாக ஒட்டாமல், மனத்துக்குச் சிறப்பும் சொல் செயல்களுக்கு மெய்ம்மையும் எனப் பிரித்து வழங்கியிருப்பது கருதத்தக்கது. சொல்லும் செயலும் நல்லனவா என்பதற்கு அளவுகோல், அவை மெய்ம்மையோடு இசைந்தனவா என்பதே.

அடுத்த பாடல் இதனைக் கண்முன் நிறுத்துகிறது. நா நல்மனத்தின் வழிப்பட்ட சொற்களைச் சொல்ல, இரு கைகளும் ஆர்மய்தி என்னும் பணிவுப் பண்பின் செயலை ஆற்ற, மனிதன் மிகச்சிறந்ததை நிறைவேற்றுகிறான் என்று அது கூறும். எண்ணம், சொல், செயல் என்னும் கருத்துப் பொருள்கள் இங்கே மனம், நா, கை என உறுப்புகளாகின்றன. மனம், வாக்கு, காயம் என்னும் முக்கரண வழக்கைப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பு உடனே விளங்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: அங்கே உடல் முழுவதும் சுட்டப்படாமல், உழைக்கும் இரு கைகள் மட்டும் சுட்டப்படுகின்றன.

வரிசை தரும் சான்று

இனி, தொடரின் வரிசையையும் நோக்க வேண்டும். 33ஆம் இயலின் இறுதிப் பாடலில் சரதுஷ்டிரர் தம் உயிரையே காணிக்கையாக்கும்போது மனம், செயல், சொல் என்னும் வரிசை அமைகிறது. அடுத்த இயலின் முதற்பாடலில் செயலும் சொல்லும் வர, மூன்றாவதாக எண்ணத்துக்கு மாறாக வழிபாடு இடம்பெறுகிறது. 47ஆம் இயலில் மீண்டும் மனம், செயல், சொல். 51ஆம் இயலின் 21ஆம் பாடலில் அறிவு, சொற்கள், செயல், அகநெறி என நான்காகின்றன. தம் இளைய மகள் பொவுருசிஸ்தாவின் திருமணத்தைப் பாடும் 53ஆம் இயலின் 2ஆம் பாடலில் மனம், சொற்கள், செயல்கள் என இன்று வழங்கும் வரிசை காணப்படுகிறது. அங்கும் ‘நல்’ என்னும் அடையில்லை.

இம்மாற்றங்கள் எதைக் காட்டுகின்றன? காதைகளின் காலத்தில் இது உறைந்துவிட்ட வாய்பாடு அன்று. பாடலின் ஓசைக்கும் பொருளுக்கும் ஏற்பக் கவிஞர் அசைத்து இடம் மாற்றக்கூடிய உயிருள்ள கருத்தாகவே இருந்தது என்பதைக் காட்டுகின்றன. ஏழியலிலோ மூன்று சொற்களும் ஒரே முன்னொட்டும் ஒரே ஈறும் பெற்று, ஒரே வரிசையில் இறுகி நிற்கின்றன. கூடி ஓதும் வாய்க்கு அவ்விறுக்கம் வேண்டப்படுவது. தனித்து இறைவனோடு உரையாடும் கவிஞருக்கு அது வேண்டப்படுவதன்று. ஹ்வர்ஷ்த என்னும் சொல் காதைகளுக்கு முற்றும் புதியதன்று. 49ஆம் இயலின் 4ஆம் பாடலில், தீச்செயலை நற்செயலால் வெல்லாதாரைப் பற்றிப் பேசுமிடத்தில் அது வருகிறது. எனவே சொல் இருந்தது. முச்சொல் வாய்பாடுதான் அங்கில்லை.

இரு மரபும் இணையும் இடம்

காதையின் சொற்களும் ஏழியலின் சொற்களும் கைகோக்கும் இடம் ஒன்றும் உண்டு. அது யஸ்னத்தின் 12ஆம் இயல். சமயத்தை ஏற்போன் உரைக்கும் உறுதிமொழி. அதன் 8ஆம் பகுதியில், நன்கு எண்ணப்பட்ட எண்ணம், நன்கு சொல்லப்பட்ட சொல், நன்கு செய்யப்பட்ட செயல் ஆகியவற்றுக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதாக ஒருவன் கூறுகிறான். இங்கே மனஹ், வசஹ், ஷ்யவ்தன என்னும் காதைச் சொற்கள் பெயர்களாக நிற்க, ஹுமத முதலிய மூன்றும் அவற்றுக்கு அடைகளாகின்றன. பார்சிகள் இடையில் அணியும் குஸ்தி நூலை அவிழ்த்துக் கட்டும்போது ஓதும் வேண்டுதல்களில் இப்பகுதி இடம்பெறுவதால், அவர்தம் அன்றாட வாழ்வில் பழகிய வடிவம் இதுவே.

பிற்காலத்தில் இம்மூன்றும் மறுமைப் பயணத்தின் படிகளாகவும் ஆயின. ஹாதோக்த நஸ்க் என்னும் பகுதியில், இறந்த நல்லோனின் ஆன்மா முதலடியை நல்லெண்ணத்திலும், இரண்டாமடியை நற்சொல்லிலும், மூன்றாமடியை நற்செயலிலும் வைத்து, நான்காமடியில் எல்லையற்ற ஒளியை அடைகிறது. இங்கே வரிசை இன்றியமையாததாகிவிட்டது. படிகளை இடம் மாற்ற இயலாதன்றோ?

யார் கூற்று?

எஞ்சி நிற்கும் வினா ஒன்று. இத்தொடர் சரதுஷ்டிரர் கூற்றேயோ? காதைகள் அவெஸ்தாவின் பிற பகுதிகளினும் தொன்மையானவை, சரதுஷ்டிரரோடு நேர்த்தொடர்புடையவை என்பதை 19ஆம் நூற்றாண்டில் மொழிச்சான்றால் தெளிவுபடுத்தியவர் மார்ட்டின் ஹாக். ஏழியல் யஸ்னமும் காதைகளுக்கு நிகரான தொன்மையுடையது என்பதை 1986இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவினார் யொஹான்னா நார்த்தன். அதனை யாத்தவரும் சரதுஷ்டிரராகவே இருக்கலாம் என்பது அவர் கருத்து. அதனை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். மறுப்போர்க்கு வலுவூட்டுவன இரண்டு: ஏழியலில் சரதுஷ்டிரர் பெயர் வரவில்லை, அங்கே பேசுவது பெரும்பாலும் ‘யாம்’ என்னும் பன்மைக் குரல். ஏற்போர், கூட்டு வழிபாட்டுக்கென ஒரே ஆசிரியர் வேறு நடையில் யாத்திருத்தல் கூடும் என்பர். மொழித் தொன்மை உறுதி. ஆசிரியர் யார் என்பது உறுதியன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலத்தல் ஆகாது.

முடிவுரை

இத்தேடலின் பயன் இடத்தைத் திருத்துவதோடு முடிந்துவிடவில்லை. தொடரை அதன் உரிய இடத்தில் வைத்துப் படிக்கும்போது பொருளே மாறக் காணலாம். காதையில் எண்ணம், சொல், செயல் என்பன ஒவ்வொரு மனிதனும் தேர்ந்தெடுக்க வேண்டிய களங்கள். அங்கே தவறவும் கூடும். ஏழியலில் அவை, எவர் செய்திருப்பினும் எங்கே செய்திருப்பினும் ஒரு குழுவினர் போற்றி வரவேற்கும் பொருள்கள். பிறர் நன்மையை இகழாமையே அங்கு அறம். உறுதிமொழியில் அவை ஒருவன் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் கடமைகள். ‘காதையில் உள்ளது’ என்னும் ஒரு சொல்லால் இம்மூன்றையும் மூடிவிட்டால், தேர்வின் அச்சமும் மறைகிறது; பிறர் நன்மையை ஏற்கும் பெருந்தன்மையும் மறைகிறது.

ஆகவே இம்முப்பொருளை வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியர், தொடர் வடிவத்துக்கு யஸ்னம் 35ஆம் இயலின் 2ஆம் பகுதியையும், அதன் உட்கருத்துக்குக் காதையாகிய 30ஆம் இயலின் 3ஆம் பாடலையும் அருகருகே வைத்துக் காட்டுதல் நேரிது. அவ்வாறு காட்டினால், ஐயுற்றுத் தேடும் மாணவன் ஏமாற்றம் அடையான். நற்சொல்லைப் பற்றிய சொல்லொன்று தவறாக எடுத்துரைக்கப்படும் முரணும் நேராது.